டூ ஹண்ட்ரடா, டூ ஹண்ட்ரட்ஸா? ஒரு எஸ்ஸால் வந்த வினை

பனியன்_பிரபு

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்கு நாள் முழுக்க மெயில் அடிப்பதுதான் பிழைப்பு. நேற்று ஒரு மெயிலில் "வீ ஹேவ் ஷிப்ட் டூ ஹண்ட்ரட்ஸ் டஜன்ஸ் டி-ஷர்ட்ஸ்" என்று எழுதி, அனுப்பும் முன் மேலாளரிடம் காட்டினேன். அவர் திரையில் ஹண்ட்ரட்ஸின் எஸ்ஸையும் டஜன்ஸின் எஸ்ஸையும் இரண்டு விரலால் மறைத்து, "இது ரெண்டும் எதுக்கு?" என்றார். ஏன் கூடாது என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. காதுக்கு ஒத்து வரவில்லையாம்.

எனக்குப் புரியவில்லை. ஒரு ஷர்ட், இரண்டு ஷர்ட்ஸ். அப்படியானால் ஒரு டஜன், இரண்டு டஜன்ஸ் என்றுதானே வர வேண்டும்? இத்தனைக்கும் அதே பையர் போன வாரம் "டஜன்ஸ் ஆஃப் கம்ப்ளெயின்ட்ஸ்" என்று எஸ் போட்டுத்தான் நம்மைத் திட்டியிருந்தார். அவர் போட்டால் சரி, நான் போட்டால் தப்பா?

ஸ்போக்கன்_செந்தில்

தம்பி, இது ரொம்ப சுலபம். பின்னால் "ஆஃப்" வந்தால் எஸ் போடுங்கள், வராவிட்டால் போடாதீர்கள். ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள், டூ ஹண்ட்ரட் பீப்பிள். அவ்வளவுதான். பதினைந்து வருடமாக வகுப்பில் இதைத்தான் சொல்லித் தருகிறேன், யாரும் தப்பு விட்டதில்லை.

மதுரை_மாறன்

இருநூறு ரூபாய் என்பதற்கு ஈஸ் வருமா ஆர் வருமா என்றுதானே கேட்கிறீர்கள்? மொத்தத் தொகையாகப் பார்த்தால் ஈஸ். "டூ ஹண்ட்ரட் ருபீஸ் ஈஸ் எனஃப்".

பனியன்_பிரபு

இல்லைங்க மாறன், நான் கேட்டது எஸ் பற்றி. ஆனாலும் நன்றி, அடுத்த சந்தேகம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

செந்தில் சார், உங்கள் விதி நன்றாக ஞாபகம் இருக்கும் போலிருக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

வசந்தா_பழையமேசை

பிரபு, அவசரப்படாதீர்கள். செந்தில் சொன்ன விதி பாதி தூரம்தான் போகும். நான் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த எஸ்ஸை அடித்து அடித்தே என் சிவப்புப் பேனாக்கள் பல தீர்ந்திருக்கின்றன.

முதலில் உங்கள் பர்ஸைத் திறந்து, 2017ல் வந்த அந்த மஞ்சள் நிற 200 ரூபாய் நோட்டை எடுங்கள். ஆங்கிலத்தில் என்ன அச்சடித்திருக்கிறது? டூ ஹண்ட்ரட் ருபீஸ். ஹண்ட்ரடுக்கு எஸ் இல்லை, ருபீஸுக்கு இருக்கிறது. எண்ணப்படுவது ரூபாய், அதனால் பன்மை அதன் தலையில் விழுகிறது. ஹண்ட்ரட் அங்கே எண்ணப்படும் பொருள் இல்லை, எண்ணின் ஒரு துண்டு. இருபது என்பதில் பத்து எப்படி உள்ளே அடங்கிக் கிடக்கிறதோ அப்படி.

இப்போது ஆஃப் விஷயத்துக்கு வருவோம். உங்கள் பையர் "டூ ஹண்ட்ரட் ஆஃப் தெம் வேர் டேமேஜ்ட்" என்று எழுதினால் அது சுத்தமான ஆங்கிலம். ஆஃப் இருக்கிறது, எஸ் இல்லை. "த்ரீ டஜன் ஆஃப் தோஸ் பீசஸ்" என்பதும் அப்படியே. ஏற்கெனவே பேச்சில் இருக்கிற ஒரு கூட்டத்திலிருந்து இத்தனை என்று பிரித்துச் சொல்லும்போது ஆஃப் வந்தே தீரும். செந்தில் விதிப்படி அங்கேயும் எஸ் போட்டுவிடுவீர்கள்.

அதனால் பின்னால் பார்க்காதீர்கள், முன்னால் பாருங்கள். ஹண்ட்ரட், தவுசண்ட், டஜனுக்கு முன்னால் எண் நின்றால் எஸ் வேண்டாம். எண் இல்லாமல், எத்தனை என்று தெரியாமல் "நிறைய" என்ற பொருளில் வந்தால் எஸ் உண்டு, கூடவே ஆஃபும் வரும். உங்கள் பையர் டஜன்ஸ் ஆஃப் கம்ப்ளெயின்ட்ஸ் என்றபோது புகார்களை எண்ணிப் பார்க்கவில்லை. எரிச்சலில் இருந்தார்.

பனியன்_பிரபு

மேடம், நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடமாகத் தினமும் தொடுகிற காகிதம், ஒரு நாளும் படித்ததில்லை!

ஆனால் என் வாக்கியத்தில் இரண்டு சொல் அடுத்தடுத்து வருகிறதே. டூ ஹண்ட்ரட் டஜன். ஹண்ட்ரடுக்கு முன்னால் டூ இருக்கிறது, சரி. டஜனுக்கு முன்னால் இருப்பது ஹண்ட்ரட்தானே?

வசந்தா_பழையமேசை

அதுவும் எண்தானே. டூ ஹண்ட்ரட் என்பது ஒரே எண், 200. அந்த 200 போய் டஜன் முன்னால் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 2,400 ஆகி, அது டி-ஷர்ட்ஸ் முன்னால் நிற்கிறது. எஸ் கடைசியில் இருக்கும் டி-ஷர்ட்ஸுக்கு மட்டும். டூ ஹண்ட்ரட் டஜன் டி-ஷர்ட்ஸ். எத்தனை பெட்டி கட்டினாலும் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு கடைசிப் பெட்டியில்தானே இருக்கும்.

நீங்கள் எழுதியபடி விட்டிருந்தால் வெறும் அழகுக் குறை மட்டும் இல்லை. ஹண்ட்ரட்ஸ் என்று எஸ்ஸைப் பார்த்ததும் படிப்பவர் மனசு "எண்ணாத நிறைய" என்ற பக்கம் ஓடும். அடுத்த நொடி முன்னால் இருக்கிற டூ இடிக்கும். டூ என்பது கைதவறி விழுந்ததா, நடுவில் ஆஃப் விட்டுப்போனதா என்று ஒரு முறை திரும்பப் படிப்பார். அளவு எழுதும் வரியில் அந்தத் தயக்கம் வரவே கூடாது.

பனியன்_பிரபு

உண்மைதான். ஒரு பெட்டிக்கு 4 டஜன் வீதம் 50 பெட்டி. அங்கே குழப்பம் வந்தால் பேக்கிங் லிஸ்ட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

கோடு_கதிர்

இந்த இழையைப் படித்ததும் வியர்த்துவிட்டது. நான் ஒரு சின்ன கம்பெனிக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறேன். தொகையை எழுத்தில் காட்டும் பகுதியில் பெருமையாக இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

```python
word = digit[n // 100] + " Hundred"
if n // 100 > 1:
    word += "s"
```

ஆயிரத்துக்கும் இதே கதைதான். இப்போது 2,500 கொடுத்துப் பார்த்தேன்:

```
Rupees Two Thousands Five Hundreds Only
```

எட்டு மாதமாக இப்படித்தான் பில் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒன்றுக்கு மேல் என்றால் எஸ் சேர்க்க வேண்டும் என்று நானே யோசித்துச் சேர்த்த நிபந்தனை இது. யோசிக்காமல் விட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்!

வசந்தா_பழையமேசை

கடைசி இரண்டு வரியையும் அழித்துவிடுங்கள், தம்பி. ருபீஸில் இருக்கிற எஸ் அப்படியே இருக்கட்டும்.

ஸ்போக்கன்_செந்தில்

மேடம் சொன்ன "டூ ஹண்ட்ரட் ஆஃப் தெம்" நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் அந்த மாதிரி வாக்கியம் வந்ததே இல்லை, அதனால் விதியும் உடையவில்லை. ஆனால் இன்னொன்று கேட்கிறேன். பின்னால் பெயர்ச்சொல்லே வராமல் வாக்கியம் முடிந்தால்? "த குவான்டிட்டி ஈஸ் டூ ஹண்ட்ரட் டஜன்ஸ்". அங்கே எஸ் ஏற்க ஷர்ட் இல்லையே. டஜன்தான் கடைசிப் பெட்டி.

வசந்தா_பழையமேசை

நல்ல கேள்வி. ஷர்ட் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் மனதில் இருக்கிறது. "ஹவ் மெனி டிட் யூ ஷிப்?" "டூ ஹண்ட்ரட் டஜன்." இதுதான் வழக்கம். நோட்டைக் கடையில் நீட்டும்போது ருபீஸ் என்பதை விட்டுவிட்டு டூ ஹண்ட்ரட் என்று மட்டும் சொல்வதில்லையா? அப்போது அந்த எஸ் பின்னால் நகர்ந்து வந்து ஹண்ட்ரடில் ஒட்டிக்கொள்வதில்லையே.

பனியன்_பிரபு

ஆனால் மேடம், எங்கள் வேலையில் எல்லாக் காகிதத்திலும் டஜன்ஸ் என்றுதான் பார்க்கிறேன். ஜிஎஸ்டி அளவுக் குறியீட்டுப் பட்டியலிலேயே `DOZ-DOZENS` என்று இருக்கிறது. `THD-THOUSANDS` கூட உண்டு. அரசாங்கமே எஸ் போட்டிருக்கிறதே.

வசந்தா_பழையமேசை

அங்கே முன்னால் எண் இல்லை, கவனித்தீர்களா? அது அளவின் பெயர், தலைப்பு. "இந்தப் பத்தியில் இருப்பதெல்லாம் டஜன் கணக்கு" என்பதற்கான பலகை. பக்கத்துக் கட்டத்தில் 200 என்று இருந்தாலும் அது வேறு கட்டம். இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியமாக எழுதும்போதுதான் எஸ் உதிர வேண்டும். அதே பட்டியலில் `GRS-GROSS` இருக்கும் பாருங்கள். 144 உருப்படி. டூ கிராஸ் பட்டன்ஸ் என்பார்கள், கிராஸஸ் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், வியாபாரக் கடிதங்களில் "ட்வென்டி டஜன்ஸ்" என்று எழுதுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். டஜனை ஒரு பெட்டி மாதிரி, பாக்கெட் மாதிரி நினைத்து எழுதுகிறார்கள். என் மேசைக்கு வந்தால் திருத்துவேன். பொருள் மாறிவிடும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

நிலா_அம்மா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் மூன்றாம் வகுப்பு. கணக்கு நோட்டில் 342க்கு "த்ரீ ஹண்ட்ரட்ஸ், ஃபோர் டென்ஸ், டூ ஒன்ஸ்" என்று எழுதியிருந்தாள், கணக்கு மிஸ் டிக் போட்டிருந்தார். அதைப் பார்த்து இங்கிலீஷ் நோட்டில் "த்ரீ ஹண்ட்ரட்ஸ் ஃபிளவர்ஸ்" என்று எழுத, இங்கிலீஷ் மிஸ் அடித்துவிட்டார். பிள்ளை இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எந்த மிஸ் சொல்றது சரி?" என்று கேட்கிறாள். நான் அப்பாவைக் கேள் என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். இந்த இழைப்படி பார்த்தால் கணக்கு மிஸ் தப்பா?

கிரிக்கெட்_கிறுக்கன்

ஆஹா, இது என் ஏரியா. இரண்டு மிஸ்ஸும் சரி, அக்கா.

2014 டிசம்பர், அடிலெய்டு டெஸ்ட். கோலி முதல் இன்னிங்ஸில் 115, இரண்டாவதில் 141. அவர் அடித்தது டூ ஹண்ட்ரட்ஸ். இரண்டு சதம். 2010ல் குவாலியரில் ஒரு நாள் போட்டியில் சச்சின் அடித்தது டூ ஹண்ட்ரட். ஆட்டமிழக்காமல் 200 ரன். இந்த இரண்டில் எஸ்ஸை மாற்றிப் போட்டால் ஸ்கோர்கார்டே மாறிவிடும். முதலாவதில் நூறு என்பதே எண்ணப்படும் பொருள். ஒரு சதம், இரண்டு சதம். இரண்டாவதில் எண்ணப்படுவது ரன்.

இன்னும் அழகான ஒன்று உண்டு. 2012 மார்ச், மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக சச்சின் 114 அடித்தார் அல்லவா, அது அவருடைய நூறாவது சர்வதேச சதம். ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னார்கள்? எ ஹண்ட்ரட் ஹண்ட்ரட்ஸ். ஒரே சொல் பக்கத்தில் பக்கத்தில். முன்னால் இருப்பது எண், அதற்கு எஸ் இல்லை. பின்னால் இருப்பது சதம், அதற்கு எஸ் உண்டு.

கொழும்பு_கௌரி

கிறுக்கன் அண்ணா, எங்கட பக்கத்தில இருந்து ஒன்று. 2019இல் கொழும்பில் அஞ்சலோ பெரேரா ஒரே முதல்தர ஆட்டத்தில் 201, 231 என்று அடித்தார். அதை டூ டபுள் ஹண்ட்ரட்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும். ஃபோர் ஹண்ட்ரட் என்றால் ஒரே இன்னிங்ஸில் 400 அடித்ததாகப் போய்விடும்.

கிரிக்கெட்_கிறுக்கன்

அதற்கு முன் அந்தச் சாதனை ஆர்தர் ஃபேக் ஒருவரிடம்தான் இருந்தது, 1938ல் கென்ட்டுக்காக 244, 202. எண்பத்தோரு வருடம் கழித்து உங்கள் ஆள் செய்தார். சரி, தலைப்பை விட்டுப் போகிறேன், நிறுத்திக்கொள்கிறேன்.

வசந்தா_பழையமேசை

தலைப்பை விட்டுப் போகவில்லை, தலைப்பின் நடுவில்தான் நிற்கிறீர்கள்.

நிலா அம்மா, உங்கள் பிள்ளையின் கணக்கு நோட்டில் ஹண்ட்ரட்ஸ் என்பது ஒரு கட்டு. நூறு குச்சிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ஒரு நூறு. அப்படி மூன்று கட்டு, பத்துக் கட்டு நான்கு, உதிரி இரண்டு. கட்டை எண்ணுகிறாள், அதனால் எஸ். பூவை எண்ணும்போது கட்டும் இல்லை, எஸ்ஸும் இல்லை. வங்கியில் 250 ரூபாயை "டூ ஹண்ட்ரட்ஸ் அண்ட் எ ஃபிஃப்டி" என்று கேட்டால், இரண்டு நூறு ரூபாய்த் தாளும் ஒரு ஐம்பதும் தருவார்கள். டூ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி என்றால் எந்தத் தாளாகவும் தரலாம்.

மாட்டுத்தாவணி_முருகேசன்

நான் பழமண்டி வைத்திருக்கிறேன், இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் நீங்கள் எல்லோரும் சொல்வதைத் தமிழில் நாங்கள் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று தோன்றுகிறது. கடைப் பையனிடம் "இருநூறு கொடு" என்றால் எப்படி வேண்டுமானாலும் கொடுப்பான். "ரெண்டு நூறா கொடு" என்றால் இரண்டு நூறு ரூபாய்த் தாள் கொடுப்பான். இது அதுதானே?

அப்புறம் இன்னொன்று. நானும் முப்பது வருடமாக "ரெண்டு டஜன் வாழைப்பழம்" என்றுதான் விற்கிறேன். ரெண்டு டஜன்கள் என்று இதுவரை ஒருத்தர் வந்து கேட்டதில்லை.

வசந்தா_பழையமேசை

முருகேசன் சார், இத்தனை நேரம் நான் நீட்டி முழக்கியதை நீங்கள் கல்லாவில் இருந்தபடியே சொல்லிவிட்டீர்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். இருநூறு, முந்நூறு என்று சேர்த்துச் சொன்னால் அது ஒரே எண். ரெண்டு நூறு, மூணு நூறு என்று பிரித்துச் சொன்னால் நூறு என்பது எண்ணப்படும் பொருளாகிவிடுகிறது: தாளோ, கட்டோ, சதமோ. "இருநூறு அடித்தார்" என்றால் சச்சின் குவாலியரில். "ரெண்டு நூறு அடித்தார்" என்றால் கோலி அடிலெய்டில். ஆங்கிலம் எஸ்ஸை வைத்துக் காட்டுகிற வித்தியாசத்தை நாம் சொல்லைச் சேர்ப்பதிலும் பிரிப்பதிலும் காட்டுகிறோம். எண்ணே சொல்லாமல் "நிறைய" என்றால் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான என்று வேறு உருவத்துக்கே போய்விடுகிறோம். அதுதான் ஹண்ட்ரட்ஸ் ஆஃப், தவுசண்ட்ஸ் ஆஃப்.

ஆக, பிரபு, உங்கள் மேலாளர் சொன்ன காது இதுதான். தமிழில் யோசித்திருந்தால் இருநூறு டஜன் என்று சரியாக வந்திருக்கும். ஒன்றுக்கு மேல் போனால் எஸ் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான் இடையில் புகுந்து கெடுத்தது.

பனியன்_பிரபு

அது புரிகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஏன் இப்படி வந்தது? டஜன் பெயர்ச்சொல் மாதிரிதானே நடந்துகொள்கிறது, "எ டஜன்" என்று முன்னால் எ கூட வருகிறது.

வசந்தா_பழையமேசை

ஹண்ட்ரட் பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாகத்தான் இருந்தது. ஒருமையிலும் பன்மையிலும் உருவம் மாறாத ஒரு வகைப் பெயர்ச்சொற்கள் அப்போது இருந்தன. ஷீப், டியர் இரண்டும் அந்த வகையில் இன்றுவரை தப்பிப் பிழைத்தவை. ஒரு ஷீப், பத்து ஷீப். ஹண்ட்ரடும் அந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது. மற்ற பெயர்ச்சொற்களுக்கெல்லாம் எஸ் பரவியபோது, எண்ணுக்குப் பின்னால் நின்ற ஹண்ட்ரட் பழைய உருவத்திலேயே இறுகிவிட்டது. டஜன் ரொம்பப் பிறகு பிரெஞ்சிலிருந்து வந்த சொல். வந்த வீட்டின் வழக்கப்படி அதுவும் எஸ்ஸைக் கழற்றி வைத்துவிட்டது.

புதுவை_ஷாலு

பிரெஞ்சு என்றதும் வந்துவிட்டேன். பாண்டிச்சேரியில் பள்ளியிலேயே பிரெஞ்சு படித்தவள். ஆங்கிலம் எவ்வளவோ பரவாயில்லை, நம்புங்கள். பிரெஞ்சில் 200ஐ எழுத்தில் எழுதினால் நூறுக்கு எஸ் உண்டு. 201 என்றால் அந்த எஸ் போய்விடும், ஏனென்றால் நூறுக்குப் பின்னால் இன்னோர் எண் வந்துவிட்டது. ஆயிரத்துக்கு எப்போதுமே எஸ் கிடையாது. டஜனுக்கு எண் முன்னால் நின்றாலும் எஸ் உண்டு. இதில் வேடிக்கை, நூறின் அந்த எஸ் தனியாகச் சொன்னால் காதிலேயே விழாது. பரீட்சைத் தாளில் மட்டும் மதிப்பெண்ணாகக் கழியும்.

பேச்சாளர்_பெருமாள்

எல்லாம் சரி, ஆனால் ஒரு கேள்வி. பேட்ரிக் ஹென்றி 1775ல் ஆற்றியதாக அச்சில் வருகிற அந்தப் புகழ்பெற்ற சுதந்திர உரையில் "த்ரீ மில்லியன்ஸ் ஆஃப் பீப்பிள்" என்று வருகிறது. பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்தது, அதனால் நன்றாக நினைவிருக்கிறது. முன்னால் த்ரீ என்று எண் இருக்கிறது, எஸ்ஸும் இருக்கிறது, ஆஃபும் இருக்கிறது. அப்படியானால் மேடம் சொன்ன விதியும் உடைகிறதே?

ஸ்போக்கன்_செந்தில்

அப்பாடா. ஆஃப் வந்தால் எஸ்!

வசந்தா_பழையமேசை

செந்தில், சிரித்துவிட்டேன்.

பெருமாள் சொல்வது உண்மை. மில்லியன் ஆங்கிலத்துக்குள் தாமதமாக வந்த சொல். நெடுங்காலம் முழுப் பெயர்ச்சொல்லாகவே நடந்துகொண்டது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தில் டூ மில்லியன்ஸ் ஆஃப் என்று தாராளமாகக் கிடைக்கும். பிறகுதான் அதுவும் ஹண்ட்ரட், தவுசண்ட் போன வழியில் போய் எஸ்ஸை விட்டது. இன்று த்ரீ மில்லியன் பீப்பிள்தான். அந்த உரையை அப்படியே ஒப்பிப்பதில் தப்பில்லை, அதைப் பார்த்து மெயில் எழுதினால்தான் பழைய வாடை அடிக்கும்.

பனியன்_பிரபு

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். "சில நூறு பீஸ் குறைகிறது" என்று எழுத வேண்டும். எண் இல்லை, ஆனால் "சில" இருக்கிறது. எஸ் உண்டா?

வசந்தா_பழையமேசை

எ ஃப்யூ ஹண்ட்ரட் பீசஸ். எஸ் வேண்டாம், ஆஃபும் வேண்டாம். செவரல், எ ஃப்யூ, எ கபிள் ஆஃப் மூன்றும் எண் மாதிரியே நடந்துகொள்ளும். தமிழிலும் சில நூறு பேர், பல நூறு பேர் என்கிறோம், நூறுகள் என்பதில்லை. மெனி வந்தால்தான் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. "மெனி தவுசண்ட்ஸ் ஆஃப்" என்று எஸ்ஸோடு எழுதுவதும் நல்ல எழுத்தில் உண்டு. அதை நான் அடித்ததில்லை.

நிலா_அம்மா

மகளிடம் குச்சிக் கட்டுக் கதையைச் சொன்னேன். புரிந்துவிட்டது. உடனே எழுந்த அடுத்த கேள்வி: "அப்போ இருநூறு பூவையும் நூறு நூறா கட்டி வச்சா?" நான் மறுபடியும் அப்பாவைக் காட்டிவிட்டேன்.

வசந்தா_பழையமேசை

அப்போது டூ ஹண்ட்ரட்ஸ் என்று சொல்லலாம் என்று சொல்லுங்கள், ஆனால் கட்டைக் காட்டிக்கொண்டு. பின்னால் ஃபிளவர்ஸ் என்று ஒட்டக் கூடாது.

கோடு_கதிர்

திருத்திவிட்டேன். இப்போது 2,500க்கு ஒழுங்காக வருகிறது. ஆனால் லட்சத்தில் வந்து நிற்கிறேன். 2,00,000க்கு டூ லாக்கா, டூ லாக்ஸா?

ஸ்போக்கன்_செந்தில்

ஹண்ட்ரடுக்கு இல்லையென்றால் லாக்குக்கும் இல்லை. டூ லாக்.

மதுரை_மாறன்

செக்கில் எல்லோரும் டூ லாக்ஸ் ஒன்லி என்றுதானே எழுதுகிறோம். எனக்கு ஒரு செக்கும் திரும்பி வந்ததில்லை.

வசந்தா_பழையமேசை

இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எங்கள் மேசையில் டூ லாக், டூ குரோர்தான். இந்திய ஆங்கில நாளிதழ்கள் பெரும்பாலும் அப்படித்தான் அச்சிடுகின்றன. ஆனால் பேச்சிலும் செக்கிலும் லாக்ஸ் ஊறிப்போய்விட்டது. இது நம் ஊரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், இங்கிலாந்துக்காரரிடம் போய்க் கேட்டும் பயன் இல்லை. ஒரே பில்லில் தவுசண்டுக்கு எஸ் இல்லாமல் லாக்குக்கு மட்டும் எஸ் இருந்தால் என் கண்ணை உறுத்தும். அது என் கண்.

கோடு_கதிர்

இன்று காலை கேட்டுப் பார்த்தேன். முதலாளிக்கு லாக் வேண்டுமாம், கணக்குப் பிள்ளைக்கு லாக்ஸ் வேண்டுமாம், "இத்தனை வருஷமா அப்படித்தான் இருக்கு" என்கிறார். செட்டிங்ஸில் ஒரு டிக் பெட்டி வைத்துக் கொடுத்துவிட்டேன். யார் கடைசியாக லாகின் செய்கிறார்களோ அவர்கள் இஷ்டம்.

பனியன்_பிரபு

மெயில் போய்விட்டது. "டூ ஹண்ட்ரட் டஜன் டி-ஷர்ட்ஸ், ஃபிஃப்டி கார்ட்டன்ஸ்." பையர் பதில் போட்டிருக்கிறார்: பெட்டி 37ல் ஒரு டஜன் குறைகிறதாம்.